அறுபத்தெட்டுச் சொல்லில் ஒரு கோரை ஆய்வு

பத்தமடையில் ஒரு பள்ளிக் குழு, பாய்க் கோரையைப் பற்றி ஓர் ஆய்வு செய்து முடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை முப்பது பக்கம். அதன் முகப்பில் 75 சொல்லுக்கு மிகாமல் சுருக்கம் வேண்டும் என்பது விதி. குழு எழுதித் தந்தது இது:

“பத்தமடைப் பாய் உலகப் புகழ் பெற்றது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையிலிருந்து இப்பாய் தொன்றுதொட்டு நெய்யப்பட்டு வருகிறது. இன்று பிளாஸ்டிக் பாய்களின் வரவால் இத்தொழில் நலிவடைந்து வருகிறது. எனவே இதனைப் பாதுகாப்பது நமது கடமையாகும். இந்நிலையில் கோரையை ஊறவைக்கும் முறை பற்றி ஆராய எங்கள் குழு முடிவு செய்தது. முதலில் நெசவாளர்களைச் சந்தித்து நேர்காணல் செய்தோம். பின்னர் கோரையைச் சேகரித்து இரண்டு விதமாக ஊறவைத்தோம். அதன் பிறகு அவற்றின் வலிமையைச் சோதித்தோம். சோதனையின் முடிவுகள் இவ்வாய்வறிக்கையில் விரிவாக விளக்கப்பட்டுள்ளன. இவ்வாய்வு நெசவாளர்களுக்குப் பெரிதும் பயன்படும் என நம்புகிறோம்.”

குழுவும் சோதனையும் இனி வரப்போகும் அளவுகளும் விளக்கத்துக்காக நான் புனைந்தவை. அப்படியொரு சோதனை நடந்ததாக யாரும் கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வடிவம் புனைவல்ல. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல்களை எடுத்துத் தமிழிலேயே ஆய்வறிக்கை எழுதுகிறார்கள். கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளும், கருத்தரங்கக் கட்டுரைகளும், முனைவர் பட்ட ஆய்வுச் சுருக்கங்களும் எழுதப்படுகின்றன. அவற்றைப் படித்தவர்களுக்கு மேலே உள்ள பத்து வாக்கியங்களும் பழகிய முகங்களாகவே தெரியும்.

மொழி பிழையில்லாமல் இருக்கிறது. 62 சொல்தான், வரம்புக்குள்ளும் இருக்கிறது. ஆனாலும் படித்து முடித்த பிறகு இந்த ஆய்வைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் நான்கு வாக்கியங்களுக்கு 25 சொல் போயிற்று. ஆய்வே செய்யாத ஒருவரும் அவற்றை எழுதிவிட முடியும். அடுத்து வருபவை ‘முதலில், பின்னர், அதன் பிறகு’ என்று நாட்குறிப்புப் போல நகர்கின்றன. கண்டுபிடிப்பு வரவேண்டிய இடத்தில், கண்டுபிடிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பு நிற்கிறது. ‘விரிவாக விளக்கப்பட்டுள்ளன’ என்ற தொடர் தமிழ் ஆய்வுச் சுருக்கங்களில் எத்தனை ஆயிரம் முறை எழுதப்பட்டிருக்குமோ தெரியவில்லை. அது இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு முடிவு மறைந்து கிடக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குப் பாயிரம் நினைவுக்கு வருகிறது. தமிழில் ஒரு நூலைப் பற்றி அதன் முகப்பில் சுருங்கச் சொல்லும் மரபு மிகப் பழையது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப்பாயிரம் ஒரு சில அடிகளுக்குள் நூல் வழங்கும் நிலத்தின் எல்லையையும், யார் முன்னிலையில் அது அரங்கேறியது என்பதையும், ஆசிரியர் பெயரையும் சொல்லிவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்தில் இருக்கவேண்டியவை எட்டு என்று வகுத்தார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை அந்த எட்டு. சுருக்கம் எழுதுவதற்கு இத்தனை கறாரான விதிப்பட்டியல் வைத்திருந்தவர்கள் நம்மவர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். நூல் எதைப் பற்றியது என்று கேட்கிறது. படித்தால் என்ன பயன் என்று கேட்கிறது. என்ன கண்டாய் என்று கேட்கவில்லை. அது குறையும் அல்ல. இலக்கண நூல் சோதனை செய்து முடிவு சொல்வதில்லை. பாயிரத்தின் வேலை வாசகனை நூலுக்குள் அழைத்துப் போவது. இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியரே எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுதவேண்டும். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது நன்னூல் கருத்து. இன்றைய ஆய்வுச் சுருக்கத்திலோ ஆசிரியரே தன் வேலையைப் பற்றி எழுதுகிறார். பாயிரத்தின் தொனியை அப்படியே எடுத்துக்கொண்டு, எழுதும் ஆளை மட்டும் மாற்றினால் கிடைப்பதுதான் ‘பெரிதும் பயன்படும் என நம்புகிறோம்’. பிறர் சொல்லவேண்டிய வாக்கியத்தை ஆசிரியர் தானே சொல்லிக்கொள்கிறார்.

ஆய்வுச் சுருக்கம் வேறொரு தேவையிலிருந்து வந்தது. முழுக் கட்டுரை கைக்குக் கிடைக்காத ஒருவர் சுருக்கத்தை மட்டும் படித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். கிராமத்து மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பது சுருக்கம் மட்டுமே. 1987இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு குழு முன்வைத்த யோசனை இந்தத் தேவையை நேராகச் சந்தித்தது. சுருக்கத்தை ஒரே பத்தியாக எழுதாமல் நோக்கம், செய்முறை, முடிவு, கருத்து போன்ற சிறு தலைப்புகளாகப் பிரித்து எழுதச் சொன்னது அக்குழு. தலைப்பு இருந்தால் அதன் கீழே ஏதாவது எழுதியாக வேண்டும். ‘முடிவு’ என்ற தலைப்பின் கீழ் ‘முடிவுகள் விளக்கப்பட்டுள்ளன’ என்று எழுத யாருக்கும் கை வராது. விதியின் பலம் அங்கேதான் இருந்தது.

ஆய்வுச் சுருக்கத்துக்கு 250 சொல் என்ற வரம்பு ஏன் இத்தனை இடங்களில் புழங்குகிறது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் எவ்வளவு கடுமையாக நடைமுறையில் இருந்தது என்பதற்கு ஒரு தடயம் இன்றும் இருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளத்தில் பழைய கட்டுரைகளைத் தேடினால், சில சுருக்கங்கள் பாதியில் அறுந்து நிற்கும். 250 சொல்லில் வெட்டப்பட்டது என்ற குறிப்பு கூடவே இருக்கும். வரம்புக்குப் பொருள் தெரியாது, எண்ணிக்கை மட்டும் தெரியும். அறுந்து போனது எப்போதும் கடைசிப் பகுதி. முடிவைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தவர்களுடைய முடிவு அப்படியே போயிற்று.

பத்தமடைக்குத் திரும்புவோம். அங்கே கோரையைக் கிழித்து, காயவைத்து, ஓடும் நீரில் சில நாள் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, பருத்தி நூலால் ஆன பாவில் நெய்கிறார்கள். பாவு நூல் நெருங்க நெருங்க, கோரையும் மெலிதாகக் கிழிக்கப்படவேண்டும். மிக நயமான பாயைப் பட்டுப்பாய் என்பார்கள். ஓடும் நீர்தான் வேண்டுமா, தொட்டித் தண்ணீர் போதாதா என்பது ஆற்றில் நீர் குறையும் காலத்தில் இயல்பாக எழக்கூடிய கேள்வி. நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஆனால் 62 சொல்லில் அந்தக் கேள்வி ஒருமுறை கூட வரவில்லை. ‘ஊறவைக்கும் முறை பற்றி ஆராய’ என்பதோடு நின்றுவிட்டது. எந்த முறைக்கும் எந்த முறைக்கும் ஒப்பீடு என்பது இல்லை.

திருத்துவதற்கு நான் பின்பற்றும் வழி, முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குவதல்ல. முதலில் அறிக்கையை மூடிவைத்துவிட்டு, கண்டது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எண்ணோடு எழுதச் சொல்வேன். அந்த வாக்கியம் நடுவில் உட்காரும். பிறகு, அந்த வாக்கியம் புரிவதற்கு முன்னால் வாசகருக்கு எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ அவற்றை மட்டும் அதற்கு மேலே எழுதலாம். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கீழே எழுதலாம். பாய் உலகப் புகழ் பெற்றது என்பது தெரியாவிட்டாலும், ஆற்றில் ஊறிய கீற்றுகள் சராசரியாக 940 கிராம் தாங்கின என்பது புரியும். ஆகவே அது போய்விடும். எத்தனை நாள் ஊறியது என்பது தெரியாவிட்டால் புரியாது. அது உள்ளே வரும். இப்படி எழுதினால் கிடைப்பது:

“ஓடும் ஆற்றில் ஊறிய கோரைக்கும் தொட்டியில் ஊறிய கோரைக்கும் வலிமையில் வேறுபாடு உண்டா? பத்தமடையில் ஒரே கரையில், ஒரே நாளில் அறுத்த கோரையிலிருந்து 60 கீற்றுகள் எடுத்தோம். 30 கீற்றுகளை ஆற்றிலும் 30 கீற்றுகளை நாள்தோறும் நீர் மாற்றிய தொட்டியிலும் ஐந்து நாள் ஊறவைத்து, உலர்த்தி, அறும்வரை எடை ஏற்றினோம். ஆற்றுக் கீற்றுகள் சராசரியாக 940 கிராமும் தொட்டிக் கீற்றுகள் 810 கிராமும் தாங்கின; ஆனால் இரு வகையிலும் தனிக் கீற்றுகளின் அளவுகள் 500 முதல் 1,300 கிராம் வரை பரவியிருந்தன. கீற்றின் அகலத்தை அளக்காததால் வேறுபாடு ஊறலால் மட்டும் வந்தது என்று சொல்ல இயலாது.”

இது 68 சொல். முந்தையதைவிட ஆறு சொல் கூடுதல். கேள்வி, செய்முறை, அளவு, அளவின் சிதறல், குறை எல்லாம் வந்துவிட்டன. புகழும் கடமையும் நம்பிக்கையும் போய்விட்டன. நெசவாளர்களிடம் நடத்திய நேர்காணலும் போய்விட்டது. அது வருத்தமானதுதான், பிள்ளைகள் அதற்காகப் பல நாள் அலைந்திருப்பார்கள். ஆனால் இந்த முடிவு அந்த நேர்காணலின் மேல் நிற்கவில்லை. உழைப்பின் அளவுக்கு ஏற்பச் சொற்களைப் பங்கிடுவது, தன் வேலையைத் தானே சுருக்குகிறவர் எல்லோரும் செய்யும் தவறு. ஆறு மாத உழைப்புக்கு ஆறு வாக்கியம் தருவார்கள். அரை மணி நேரத்தில் கூட்டிக் கழித்துக் கிடைத்த சராசரிக்கு இடமிருக்காது. வெளியாரால் எளிதாகச் சுருக்க முடிவதற்குக் காரணம் அவருக்கு அந்த அலைச்சல் நினைவில் இல்லை என்பதே.

வரம்பில் இன்னும் ஏழு சொல் மிச்சம் இருக்கிறது. அதில் எதை வைப்பது? இங்கேதான் சுருக்கம் எழுதுவது வெறும் எழுத்து வேலையாக இல்லாமல் ஆய்வு வேலையாக மாறுகிறது. ‘30 ஆற்றில், 30 தொட்டியில்’ என்று எழுதியவுடன் கவனமுள்ள வாசகர் ஒன்று கேட்பார். எந்த முப்பது எங்கே போகவேண்டும் என்று யார் முடிவு செய்தது? கிழித்துக் குவித்ததில் மேலாக இருந்த நல்ல கீற்றுகள் முதலில் ஆற்றுக்குப் போயிருந்தால், 130 கிராம் வேறுபாடு தண்ணீரால் வந்ததாகாது. குழு சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால் ‘கீற்றுகளைக் கலந்து, சீட்டுப் போட்டுப் பிரித்தோம்’ என்று ஐந்து சொல்லைச் சேர்க்கலாம். மொத்தம் 73 ஆகும். அப்போது அகலமான கீற்றும் ஒடுக்கமான கீற்றும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறியிருக்கும். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் தளர்த்தவும் செய்யலாம். சீட்டுப் போடாமலே பிரித்திருந்தால் அந்த ஐந்து சொல்லை எழுத முடியாது. கடைசி வாக்கியம் இருந்தபடியே இருக்கவேண்டும்.

அதையும் தாண்டி இன்னொரு கேள்வி உண்டு. முப்பது கீற்றும் ஒரே தொட்டியில் ஊறியிருந்தால், சோதிக்கப்பட்டது ஒரு தொட்டிதான். அந்தத் தொட்டியில் ஏதோ ஒரு கோளாறு இருந்திருக்கலாம். முப்பது பக்க அறிக்கையில் இந்த ஓட்டை கண்ணில் படாமலே இருந்திருக்கும். 68 சொல்லில் பட்டுவிடுகிறது. ஆகவே சுருக்கத்தை அறிக்கை முடிந்த பின் கடைசி இரவில் எழுதாமல், சோதனை தொடங்குவதற்கு முன்னால், எண் வரவேண்டிய இடங்களை மட்டும் காலியாக விட்டு ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சீட்டுப் போடும் யோசனை அப்போது வந்தால்தான் பயன். கோரை அறுந்த பிறகு வந்து பயனில்லை.

எண்கள் வந்த பிறகு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது ஐயம் சொல்லும் பகுதி. ‘500 முதல் 1,300 வரை’ என்பதையும் கடைசி வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, ‘ஆற்று நீரில் ஊறிய கோரையே வலிமையானது என நிறுவப்பட்டது’ என்று முடித்தால் சொல்லும் மிச்சம், வாக்கியமும் எடுப்பாக இருக்கும். இது பள்ளிப் பிள்ளைகளின் பலவீனம் மட்டுமல்ல. முதன்மையான அளவீட்டில் உறுதியான வேறுபாடு எதுவும் காட்டாத 72 மருத்துவச் சோதனைகளின் அறிக்கைகளை இசபெல் பூத்ரோனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அவற்றில் 58 விழுக்காட்டுச் சுருக்கங்களின் முடிவுரை, சிகிச்சை பலன் தந்ததுபோல் தோன்றும்படி திரித்து எழுதப்பட்டிருந்தது. கட்டுரைக்குள் இருக்கும் அட்டவணை உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரும்பாலோர் படிப்பது சுருக்கத்தைத்தான்.

நன்னூல் நூற்குற்றங்களைப் பட்டியலிடும்போது முதலில் வைப்பவை குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும். நாம் மிகையைக் கண்டால் உடனே சுட்டுகிறோம். குன்றக் கூறலை, அதாவது தேவையானதைச் சொல்லாமல் விடுவதை, சுருக்கம் என்ற பெயரில் மன்னித்துவிடுகிறோம். சொல் வரம்பு நிபந்தனையை விட்டுவிட அனுமதி தருவதில்லை. நிபந்தனைக்கு இடம் இல்லையென்றால் வேறு ஏதாவது வெளியே போகவேண்டும்.

எண்களைச் சரிபார்ப்பது இன்னும் எளிய வேலை, அதையும் செய்வதில்லை. ராய் பிட்கினும் சகாக்களும் 1999இல் ஆறு முன்னணி மருத்துவ இதழ்களின் சுருக்கங்களை அவற்றின் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். சுருக்கத்தில் உள்ள தகவல் கட்டுரையோடு ஒத்துப்போகாமலோ, கட்டுரையில் இல்லாமலோ இருந்தவை இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சுருக்கம் ஒரு கட்டத்தில் எழுதப்படுகிறது, அதன் பிறகு கட்டுரையில் கணக்குத் திருத்தப்படுகிறது, சுருக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் குழு உடைந்த ஒரு கீற்றைக் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் உள்ளே சராசரி 810 என்பது 818 ஆகியிருக்கும். முகப்பில் 810 அப்படியே இருக்கும். ஒருவர் சுருக்கத்தின் ஒவ்வோர் எண்ணையும் வாசிக்க, இன்னொருவர் அறிக்கையில் அந்த எண் இருக்கும் பக்கத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். பக்கம் கிடைக்காத எண் சுருக்கத்தில் இருக்கக்கூடாது.

இனி எண்ணிக்கை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். விதி பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு என்று வகுக்கப்பட்டது. ‘கீற்றின் அகலத்தை அளக்காததால்’ என்பது தமிழில் மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் இயல்பாக எழுதினால் பத்துச் சொல் வரை ஆகும், ஏனென்றால் நம் வேற்றுமை உருபுகளும் எதிர்மறையும் காரணமும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆக 250 சொல் என்பது தமிழில் தாராளமான இடம். இரு மொழியிலும் சுருக்கம் கேட்டால் தமிழ்ப் பிரதி குறைவான சொல்லில் முடிந்துவிடும். அதை நிரப்பவேண்டும் என்று அடைமொழி சேர்க்கத் தேவையில்லை.

கணினி இடைவெளியைத்தான் எண்ணுகிறது. ‘ஊறவைத்து’ ஒன்று, ‘ஊற வைத்து’ இரண்டு. ‘அறும்வரை’ ஒன்று, ‘அறும் வரை’ இரண்டு. வரம்பு நெருங்கும்போது இடைவெளிகளை மூடிச் சொல்லைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணைவினையைச் சேர்த்து எழுதுவதில் பிழையில்லை, அது மொழி வழக்கு. ஆனால் நான்கைந்து சொல்லைச் சேர்த்து ஒரு சரமாக்கினால் வாசகர் அதைப் பிரித்துப் படிக்கத் தடுமாறுவார். அது வரம்பை ஏமாற்றுவதற்காக வாசகரைத் தண்டிப்பது.

சில இணையப் படிவங்கள் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணும். அங்கே நிலைமை தலைகீழ். ‘பத்தமடை’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள். ‘கோரை’ இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு. ஆய்வு முன்வரைவுகளை ஏற்கும் arXiv தளத்தில் சுருக்கத்துக்கு 1,920 குறிகள் என்பது வரம்பு. இப்படிப்பட்ட கட்டத்தில் ஆங்கிலத்தை நினைத்துத் தமிழில் திட்டமிட்டால் கடைசி வாக்கியம் ஒட்டாமலே போய்விடும். எதை எண்ணுகிறார்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முடிவுரையைக் கடைசியில் ஒற்றையாக விட்டுவைக்காமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

இவ்வளவும் ஆன பிறகு சுருக்கத்தை, ஆய்வில் பங்கில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். பத்தமடையில் அதற்கு நெய்கிறவர்களைவிடத் தகுதியானவர் யார்? அவர்களுக்குப் புரியாமல் போகும் வாய்ப்பு குறைவு. அவர்கள் கேட்கக்கூடியது வேறு. என்ன பாய்க்காகக் கிழித்த கீற்று? முரட்டுப் பாய்க்குக் கிழிப்பதும் பட்டுப்பாய்க்குக் கிழிப்பதும் ஒன்றல்ல. எடை தாங்கும் அளவு அதனோடு மாறும். ‘60 கீற்றுகள்’ என்ற இடத்தில் ‘பட்டுப்பாய்க்குக் கிழித்த 60 கீற்றுகள்’ என்று எழுதினால் இரண்டு சொல் கூடும். சீட்டுப் போட்டதையும் சேர்த்தால் மொத்தம் சரியாக 75.